முன்னும் பின்னும் எதிர்மறையும்

கடையில் ஒரு குழந்தை மிட்டாய் கேட்டு உரக்க அழுகிறது. சுற்றியிருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். தாய் மிட்டாயை வாங்கிக் கொடுத்தவுடன் அழுகை நின்றுவிடுகிறது. அடுத்தடுத்து கடைக்குச் செல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. இது எதற்கு எடுத்துக்காட்டு? (அ) நேர்மறை வலுவூட்டல் (ஆ) எதிர்மறை வலுவூட்டல் (இ) எதிர்மறைத் தண்டனை (ஈ) பாவ்லோவின் ஆக்கநிலையுறுத்தல்.

மாதிரி வினாத் தொகுப்பு ஒன்றில் ஏறத்தாழ இந்த வடிவில் இருந்த வினாவுக்கு விடைக் குறிப்பு 'ஆ' என்றது. அதைப் படித்துவிட்டு என் சித்தி மகள் ஐதராபாத்தில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அவள் நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அத்தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் சார்ந்தவை. அவற்றுள் கற்றல், நினைவு, மறதி குறித்த வினாக்கள் பெரும்பாலும் இவ்வாறு ஒரு சூழலை விவரித்து, அதற்குரிய கருத்தின் பெயரைக் கேட்பவை. தகுதி மதிப்பெண்ணை ஒட்டி நிற்கும் ஒருவருக்கு அதில் ஒரு வினா என்பது சிறிய செய்தியன்று. நான் முதுகலையில் மொழியியல் படித்து, இப்போது உளமொழியியலில் ஆய்வு செய்பவள். கற்றல் கொள்கைகளை என் ஆய்வுக்காகப் படித்தவளே தவிர, தேர்வுப் பயிற்சியாளர் அல்லள். ஆனால் அவளோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வினாக்களைப் பிரித்துப் பார்த்ததில், இவற்றின் சிக்கலில் கணிசமான பகுதி உளவியலில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மிட்டாய் வினாவையே எடுத்துக்கொள்வோம். குழந்தை அழுதது, மிட்டாய் கிடைத்தது, அடுத்த முறையும் அழுகிறது. குழந்தையின் அழுகை என்னும் நடத்தைக்குப் பின் விரும்பத்தக்க ஒன்று வந்து சேர்ந்தது, நடத்தை நிலைபெற்றது. எனவே நேர்மறை வலுவூட்டல். இப்போது தாயின் பக்கம் நின்று பாருங்கள். அவர் மிட்டாய் வாங்கினார். காதைத் துளைத்த அழுகை நின்றது. அடுத்த முறையும் வாங்குகிறார். அவருடைய வாங்குதல் என்னும் நடத்தைக்குப் பின் வேண்டாத ஒன்று விலகியது, நடத்தை நிலைபெற்றது. எனவே எதிர்மறை வலுவூட்டல். ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டிருக்கும் இருவர் அதில் இருக்கிறார்கள். 'இது எதற்கு எடுத்துக்காட்டு' என்ற தொடரில் 'இது' யாருடைய நடத்தையைச் சுட்டுகிறது என்று வினா சொல்லவில்லை. சொல்லாதவரை 'அ'வும் சரி, 'ஆ'வும் சரி. விடைக் குறிப்பைத் தவறு என்று சொல்ல இயலாது. வினா முடிக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இதில் மொழியியல் படித்தவர் கண்ணுக்கு உடனே படும் ஒன்று உண்டு. 'தண்டி' என்னும் வினைக்கு அன்றாடத் தமிழில் செயப்படுபொருளாக வருவது ஆள். ஆசிரியர் மாணவனைத் தண்டித்தார் என்கிறோம். நடத்தை உளவியலில் அவ்வினையின் செயப்படுபொருள் ஆள் அன்று, நடத்தை. மாணவனின் பேச்சு தண்டிக்கப்பட்டதா என்பதே கேள்வி. 'வலுவூட்டு' என்பதற்கும் இதே விதிதான். வலுப்பெறுவது நடத்தை, குழந்தை அன்று. செயப்படுபொருள் மாறியவுடன் பொருளும் மாறிவிடுகிறது. வகுப்பில் அடிக்கடி பேசும் ஒரு சிறுவனை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் எழுப்பி நிறுத்திக் கடிந்துகொள்கிறார். வகுப்பே அவனைப் பார்க்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல அவன் பேசுவது கூடுகிறது. அன்றாடத் தமிழில் அவன் தண்டிக்கப்பட்டான். உளவியல் கலைச்சொல்லில் அங்கே தண்டனை நிகழவே இல்லை. பேச்சு கூடியிருப்பதால், ஆசிரியரின் கடிதலும் வகுப்பின் பார்வையும் அதற்கு நேர்மறை வலுவூட்டிகளாக அமைந்துவிட்டன. எது தண்டனை, எது வெகுமதி என்பதைக் கொடுப்பவரின் நோக்கம் முடிவுசெய்வதில்லை. பிறகு அந்நடத்தைக்கு என்ன நேர்ந்தது என்பதே முடிவுசெய்கிறது. வினாவைப் படிப்பவர் 'கடிந்தார்', 'அடித்தார்', 'பாராட்டினார்' என்னும் சொற்களைப் பார்த்து விடையைத் தொட்டுவிட்டால், வினா அமைத்தவர் விரித்த வலையில் விழுந்தாயிற்று.

ஆகவே நானும் தங்கையும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். விடைத் தெரிவுகளைப் பார்க்கும் முன், கதையில் யாருடைய எந்த நடத்தை பேசப்படுகிறது என்பதைக் கோடிட வேண்டும். அடுத்து, கதையின் இறுதியில் அந்நடத்தை கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டும். கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. கடைசியாக, நடத்தைக்குப் பின் ஏதேனும் வந்து சேர்ந்ததா, இருந்தது விலகியதா என்று பார்க்க வேண்டும். வந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை. இந்த வரிசை முக்கியமானது. மூன்றாவதிலிருந்து தொடங்குபவர்கள்தாம் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

அதற்குக் காரணம் 'எதிர்மறை' என்னும் சொல். தமிழ் இலக்கணத்தில் அது மறுப்பு. செய்யான், வாரான் என்பவை எதிர்மறை வினைகள். இன்றைய பேச்சிலும் ஊடகத்திலும் அது கெடுதல். எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமரிசனம் என்று அன்றாடம் கேட்கிறோம். நடத்தை உளவியலில் அது இவ்விரண்டும் அன்று. கணக்கில் வரும் கழித்தல் குறியைப் போன்றது. ஏதோ ஒன்று கழிக்கப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள். சீருந்தில் இருக்கைப் பட்டையை அணியும்வரை ஒலி எழுந்துகொண்டே இருக்கிறது, அணிந்தவுடன் நிற்கிறது, ஓட்டுநர் இப்போதெல்லாம் ஏறியவுடன் அணிந்துவிடுகிறார். அணிதல் கூடியது, ஒலி விலகியது. ஆகவே எதிர்மறை வலுவூட்டல். இதில் கெடுதல் ஏதும் இல்லை. தம்பியை அடித்த சிறுமியிடமிருந்து ஒரு வாரத்திற்கு மிதிவண்டியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதன்பின் அடிப்பது குறைகிறது என்றால், நடத்தை குறைந்தது, மிதிவண்டி விலகியது. அது எதிர்மறைத் தண்டனை. 'எதிர்மறை' என்றவுடன் தண்டனையை நினைக்கும் மாணவருக்கு முதல் வினா தவறும். 'எதிர்மறைத் தண்டனை' என்பதை 'கடுமையான தண்டனை' என்று எடுத்துக்கொள்பவருக்கு இரண்டாவதும் தவறும்.

இந்தக் குழப்பத்திற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. ஸ்கின்னரே 1938ஆம் ஆண்டு நூலில் 'எதிர்மறை வலுவூட்டல்' என்பதை, இன்று நாம் தண்டனை என்று சொல்லும் பொருளில்தான் கையாண்டார். 1953இல் வெளிவந்த நூலில்தான் அவர் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தார். அச்சொல்லைப் பரப்பியவருக்கே ஒரு பதினைந்து ஆண்டுகளுக்குள் அதன் பொருள் இடம் பெயர்ந்திருக்கிறது. தேர்வறையில் தொண்ணூறு நொடிகூட இல்லாத ஒருவர் தடுமாறுவதில் என்ன வியப்பு?

மேலே சொன்ன வழக்கத்திற்கும் எல்லைகள் உண்டு. மே மாத நண்பகலில் ஒருவர் மின்விசிறியைப் போடுகிறார். காற்று வந்து சேர்ந்ததா, புழுக்கம் விலகியதா? இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பெயர்கள். ஜாக் மைக்கேல் என்னும் நடத்தை ஆய்வாளர் 1975இல் எழுதிய கட்டுரையில், நேர்மறை எதிர்மறை என்னும் இந்தப் பிரிவே இனித் தேவையில்லை என்று வாதிட்டதற்குப் பின்னணி இத்தகைய சிக்கல்தான்: ஒரு நிலை மற்றொரு நிலையாக மாறுகிறது, அதைச் சேர்தல் என்பதா நீங்குதல் என்பதா என்று நாம்தான் பெயரிடுகிறோம். பாடநூல்கள் அவர் சொன்னதைப் பின்பற்றவில்லை, தேர்வுகளும் பின்பற்றவில்லை. ஆனால் வினா அமைப்போர் ஒன்று செய்யலாம். வெப்பம், குளிர், பசி போன்றவற்றை விட்டுவிட்டு, வந்ததும் போனதும் தெளிவாகத் தெரியும் சூழல்களை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னோர் எல்லை, 'கூடியதா குறைந்ததா' என்னும் கேள்வியிலேயே இருக்கிறது. மிட்டாய்க்கு அழும் குழந்தையின் தாய், இனி வாங்கித் தருவதில்லை என்று முடிவெடுக்கிறார். அடுத்த முறை குழந்தை முன்னைவிட உரக்க, நெடுநேரம் அழுகிறது. நடத்தை கூடியிருக்கிறது; ஆகவே வலுவூட்டல் என்று எழுதலாமா? கூடாது. வலுவூட்டல் நிறுத்தப்பட்டபின் ஒரு நடத்தை தேய்ந்து மறையும் முன் சற்று நேரம் பொங்கி எழுவது ஆய்வகத்திலும் வீட்டிலும் பலமுறை காணப்பட்டது. ஒரு முறை கூடியது என்பதும், பல முறைகளின் போக்கில் கூடி நின்றது என்பதும் வேறு. நல்ல வினா இந்தக் காலப் போக்கைத் தெரியச் சொல்லும். சொல்லாத வினாவில் 'இப்போது', 'நாளடைவில்', 'அன்றிலிருந்து' போன்ற காலச் சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வேறெங்கும் விடையைக் காட்டிக் கொடுக்காத வினாகூட அங்கே காட்டிக் கொடுக்கும்.

பாவ்லோவின் ஆக்கநிலையுறுத்தலா, ஸ்கின்னரின் செயல்படு ஆக்கநிலையுறுத்தலா என்று பிரிப்பதிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஒருவர் பல் மருத்துவரிடம் துளைக் கருவியால் வலி பட்டிருக்கிறார். இப்போது காத்திருக்கும் அறையில் அக்கருவியின் ஒலி கேட்டாலே உடல் இறுகுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எனவே மருத்துவரிடம் வாங்கிய முன்பதிவைத் தொலைபேசியில் நீக்கிவிடுகிறார்; நிம்மதியாக இருக்கிறது; அடுத்த முறையும் நீக்குகிறார். இந்தக் கதைக்கு ஒரே பெயர் கிடையாது. வலி இயல்பான தூண்டல். அது எழுப்பும் இறுக்கம் இயல்பான துலங்கல். முன்பு பொருளற்றிருந்த ஒலி, வலியோடு சேர்ந்து வந்து வந்து, தானே இறுக்கத்தை எழுப்பும் ஆக்கத் தூண்டலாயிற்று. இதுவரை பாவ்லோவின் பகுதி. வியர்ப்பதை அவர் 'செய்யவில்லை'. அது அவருக்கு நேர்ந்தது. முன்பதிவை நீக்கியது அவர் செய்தது. அச்செயலுக்குப் பின் அச்சம் விலகியது, செயல் நிலைத்தது. அது ஸ்கின்னரின் பகுதி, அதிலும் எதிர்மறை வலுவூட்டல். அச்சம் பாவ்லோவின் வழியில் உண்டாகி, தவிர்த்தல் வலுவூட்டலால் நீடிக்கிறது என்னும் இந்த இரண்டடுக்கு விளக்கத்தை மௌரர் 1947இல் முன்வைத்தார். இக்கதையை வினாவாக்கினால், கேட்கப்படுவது வியர்வையா நீக்கமா என்று கடைசி வரியைப் பார்த்தே சொல்ல வேண்டும். தமிழ் இதற்கு ஓரளவு உதவுகிறது என்பது என் எண்ணம். 'எனக்கு வியர்த்தது', 'எனக்குக் குமட்டியது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லக்கூடியவை பெரும்பாலும் பாவ்லோவின் பக்கம். 'நான் நீக்கினேன்', 'நான் வாங்கினேன்' என்பவை ஸ்கின்னரின் பக்கம். இது விதியன்று, ஒரு கைத்தடி. 'நான் திடுக்கிட்டேன்' என்பது எழுவாயோடு வந்தாலும் அனிச்சைத் துலங்கலே.

இனி நினைவின் பகுதி. என் துறைக்கு நெருக்கமானது என்பதால் இதில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம்.

மறதிக்குக் காரணமாக ஒரு கற்றல் மற்றொன்றைக் குலைப்பதை இரண்டாகப் பிரிப்பார்கள். பழையது புதியதைக் குலைத்தால் ஒரு பெயர். புதியது பழையதைக் குலைத்தால் மற்றொரு பெயர். தமிழ் நூல்களில் முன்னது முன்னோக்குத் தடை அல்லது முன்னோக்கிய குறுக்கீடு, பின்னது பின்னோக்குத் தடை அல்லது பின்னோக்கிய குறுக்கீடு என்று நூலுக்கு நூல் சிறிது மாறி வரும். தங்கை இவ்விரண்டையும் ஒவ்வொரு முறையும் தலைகீழாகவே குறித்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது மாற்றிக் குறித்தால் அது மறதி. எப்போதும் மாற்றிக் குறித்தால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று பொருள். கேட்டேன்.

"அக்கா, முன்னாடின்னா பழசுதானே? பழசை நோக்கிப் போய்த் தடுக்குதுன்னா அது முன்னோக்குத் தடை."

அவள் சொன்னதில் தமிழ்ப் பிழை ஒன்றும் இல்லை. தமிழில் 'முன்' என்பது காலத்தில் பழையது: முன்னோர், முன்பு, முன்னொரு காலம். அதே 'முன்' இடத்தில் எதிரே இருப்பது: கண்முன், முன்னேறு. 'பின்' என்பது காலத்தில் வரப்போவது: பின்னர், பிற்பாடு. இடத்தில் அது முதுகுப் பக்கம். முன்னேறி நடப்பவர் எதிர்காலத்தை நோக்கி நடக்கிறார் என்று கொண்டால் 'முன்' எதிர்காலம். முன்னோரை நினைப்பவருக்கு 'முன்' கடந்த காலம். 'முன்னோக்கு' என்னும் கலைச்சொல்லை ஆக்கியவர், காலத்தை நடையாகக் கருதி, வரப்போவதை நோக்கிச் செல்லும் தடை என்னும் பொருளில் ஆக்கியிருக்கிறார். படிப்பவள், காலத்தில் 'முன்' என்றால் பழையது என்னும் தன் தாய்மொழி அறிவைக் கொண்டு படிக்கிறாள். இருவரும் தமிழில்தான் இருக்கிறார்கள். எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள்.

எனவே பெயரை மனப்பாடம் செய்வதைக் கைவிட்டு அம்பு வரையச் சொன்னேன். இடப்பக்கம் ஒரு கட்டம், அதில் முதலில் கற்றது. வலப்பக்கம் ஒரு கட்டம், அதில் அடுத்துக் கற்றது. கதையில் எது நினைவுக்கு வராமல் துன்புறுகிறதோ அதன்மேல் அம்பின் முனை. எது இடையில் புகுகிறதோ அதிலிருந்து அம்பின் தொடக்கம். அம்பு இடமிருந்து வலமாக, நாம் எழுதும் திசையில் சென்றால் முன்னோக்கு. திரும்பி வந்தால் பின்னோக்கு. இதில் 'முன்', 'பின்' என்பவற்றின் பொருளை நினைக்கவே தேவையில்லை.

நானே ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளியில் இந்தி படித்தேன். இருபத்து நான்காம் வயதில் ஐதராபாத் வந்து தெலுங்கு பழகினேன். முதல் ஆறு மாதம் காய்கறிக் கடையில் தெலுங்கில் 'காவாலி' என்று சொல்ல வாய் திறந்தால் 'சாஹியே' வந்து நிற்கும். பழைய இந்தி, புதிய தெலுங்கைக் குலைத்தது, அம்பு இடமிருந்து வலம், முன்னோக்கு. நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கிற்காக தில்லி சென்றபோது, ஆட்டோ ஓட்டுநரிடம் 'சாஹியே' என்று தொடங்க எண்ணினேன், 'காவாலி' முந்திக்கொண்டது. புதியது பழையதைக் குலைத்தது, அம்பு வலமிருந்து இடம், பின்னோக்கு. இரண்டு நிகழ்ச்சியிலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஒரு மொழிச்சொல்லின் இடத்தில் மற்றொரு மொழிச்சொல். 'அவர் இந்தியையும் தெலுங்கையும் கலந்து பேசுகிறார்' என்று மட்டும் வினா சொன்னால் விடையே கிடையாது. எதை முதலில் கற்றார், எதை இப்போது சொல்ல முயன்றார் என்னும் இரண்டும் வேண்டும். மாதிரித் தாள்களில் இந்த இரண்டில் ஒன்று அடிக்கடி விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னோக்குத் தடையை முல்லரும் பில்செக்கரும் 1900இலேயே விவரித்துவிட்டனர். ஒரு பட்டியலைக் கற்றவுடன் வேறொரு வேலை கொடுத்தால் முதற்பட்டியல் நினைவு குறைகிறது என்று கண்டனர். முன்னோக்குத் தடையின் வலிமை அதைவிட மிகத் தாமதமாகவே வெளிப்பட்டது. அந்தக் கதை எனக்குப் பிடித்தமானது. ஆய்வகத்தில் ஒரு பட்டியலைக் கற்றவர் ஒரு நாளுக்குள் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கை மறந்துவிடுகிறார் என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 1957இல் அண்டர்வுட் பழைய ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார். அவ்வளவு மறந்தவர்கள், அதே ஆய்வகத்தில் அதற்கு முன் பல பட்டியல்களைக் கற்று முடித்தவர்கள். முதன்முதலாக ஒரே பட்டியலைக் கற்றவர்கள் ஒரு நாளில் மறந்தது ஏறத்தாழக் கால் பங்குதான். கற்ற பட்டியல்கள் கூடக் கூட, கடைசிப் பட்டியலின் நினைவு சரிந்துகொண்டே சென்றது. காலம் அரித்த மறதி என்று எண்ணியதில் பெரும்பகுதி, முந்தைய பட்டியல்கள் செய்த வேலை. எபிங்ஹாஸ் தம் மறதி வளைவுக்குத் தம்மையே சோதனைக்கு உட்படுத்தியவர், எண்ணற்ற பட்டியல்களைக் கற்றவர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இதே முன்-பின் குழப்பம் மூளைக் காயத்தால் வரும் மறதியிலும் தொடர்கிறது. ஆனால் அச்சு மாறிவிடுகிறது. அங்கே இரண்டு கற்றல்கள் இல்லை, ஒரு காயமும் அதன் இருபுறமும் உள்ள காலமும் இருக்கின்றன. ஹென்றி மொலைசனுக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை நடந்தது. அதன்பின் நிகழ்ந்தவை அவர் நினைவில் தங்கவில்லை. இது முன்னோக்கு மறதி. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகளும் ஓரளவு அழிந்திருந்தன. அது பின்னோக்கு மறதி. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேர்ந்தது. முந்தைய நாள் வரைந்ததோ நினைவில் இல்லை. இதை வினாவாக்கினால் 'செயல்முறை நினைவு' என்பது விடையாகலாம், 'முன்னோக்கு மறதி' என்பதும் விடையாகலாம். கை தேர்ந்ததைக் கேட்கிறார்களா, நினைவில்லாததைக் கேட்கிறார்களா என்பதே பிரிக்கும். பல் மருத்துவர் கதையில் வியர்வையையும் நீக்கத்தையும் பிரித்தது போலத்தான்.

தேர்வு வாரியங்கள் முதலில் தற்காலிக விடைக் குறிப்பை வெளியிட்டு, ஆதாரத்துடன் மறுப்புத் தெரிவிக்க அவகாசம் தரும் வழக்கம் இருக்கிறது. மறுப்பவர் பாடநூலின் பக்கத்தை இணைக்க வேண்டும். 'எதிர்மறை வலுவூட்டல்' என்பதன் வரையறையை இணைப்பது எளிது. 'இவ்வினாவில் யாருடைய நடத்தை என்று சொல்லப்படவில்லை' என்பதற்கு எந்தப் பக்கத்தை இணைப்பது? வரையறையில் பிழை இருந்தால் நூல் சான்றாகும். வினாவின் தொடரமைப்பில் இடைவெளி இருந்தால் அதற்குச் சான்று அந்த வினாவேதான். இதற்கு மறுப்புப் படிவத்தில் இடமில்லை என்பது என் மனக்குறை. வினாத்தாள் அமைக்கும் குழுவில் பாட வல்லுநரோடு, வினாவின் தமிழை மட்டும் படித்து 'யார்? எது? எப்போது?' என்று கேட்க ஒருவரை அமர்த்தினால் பாதிச் சிக்கல் தீரும் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் தங்கையை, தன் வகுப்பிலிருந்தே ஒரு வினா எழுதி அனுப்பச் சொன்னேன். அவள் அனுப்பியது இது: 'ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏழாம் வாய்பாட்டைக் கற்றான். அடுத்த வாரம் எட்டாம் வாய்பாட்டைக் கற்றான். இன்று, ஏழாறு எவ்வளவு என்று கேட்டதற்கு 48 என்கிறான். இது எவ்வகைத் தடை?' அம்பு வரைந்து பார்த்தேன். 48 என்பது எட்டாறு, புதியது பழையதில் புகுந்திருக்கிறது, பின்னோக்கு. எட்டாறு எவ்வளவு என்று கேட்டு அவன் 42 என்றிருந்தால் முன்னோக்கு. எண்ணைப் பார்த்தே எதிலிருந்து எது வந்தது என்று சொல்லிவிடலாம்; பாடநூல்களில் சலிக்கச் சலிக்க வரும் தொலைபேசி எண் எடுத்துக்காட்டைவிட இது எனக்குச் சிறந்ததாகப் பட்டது. ஒரே ஒரு ஐயம் கேட்டேன்: அவன் ஏழாம் வாய்பாட்டைச் சரியாகவே கற்காமல் இருந்திருந்தால்? கற்காத ஒன்றை மறக்க முடியாதே.

சற்று நேரம் கழித்துத் திருத்திய வினா வந்தது. முதல் வாக்கியத்திற்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'அந்த வார இறுதியில் ஏழாறு 42 என்று தயக்கமின்றிச் சொன்னான்.'